ஆறு அவுட் வரைக்கும் ஒரு பந்தயம்

அமெரிக்காவில் பேஸ்பால் பந்தயம் கட்டுகிறவர்கள் ‘நர்ஃபி’ என்பார்கள். முதல் இன்னிங்ஸில் ரன் விழாது என்று பணம் வைப்பதற்கு அதுதான் பெயர். விழும் என்று வைத்தால் ‘யர்ஃபி’. ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. இரண்டு அணியும் ஒருமுறை பேட் பிடித்து முடிப்பதற்குள் ஒரே ஒரு ஆள் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டால் நர்ஃபிக்காரரின் பணம் போனது. ஒருவரும் தொடவில்லை என்றால் அவருக்கு லாபம். மூன்று மணி நேர ஆட்டத்தில் இருபது நிமிடத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று வழிவிட்ட பிறகு, செல்போனில் விரல் தட்டிக் கட்டும் இந்த மாதிரிக் குட்டிப் பந்தயங்களுக்கு நல்ல காலம் பிறந்தது.

இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதற்கே 2025-ல் வந்த சட்டம் தடை போட்டுவிட்டது. ஆகவே இது யாரையும் பணம் கட்டச் சொல்லும் கட்டுரை அல்ல. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கணக்கு. ஒரு சின்னக் கேள்விக்கு எவ்வளவு தகவல் கையில் இருக்கிறது, அவ்வளவும் இருந்தும் பதில் எவ்வளவு தூரம்தான் நகர்கிறது என்பது வேடிக்கையாக இருக்கும்.

கிரிக்கெட் மட்டும் பார்த்தவர்களுக்காக ஆட்ட விதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் முதலில் விருந்தாளி அணி, பிறகு உள்ளூர் அணி பேட் செய்யும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. பேட்டர் அடித்தோ, பிட்சர் மோசமாக வீசி இலவசமாகக் கொடுக்கும் ‘வாக்’ மூலமோ முதல் பேஸுக்குப் போகலாம். அங்கிருந்து இரண்டு, மூன்று என்று சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால்தான் ரன். பந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். அடித்தவரோடு பேஸில் நிற்பவர்களும் சேர்ந்து வீடு வந்து சேர்வார்கள். மூன்று பேர் அவுட் ஆகும்போது பாதி வழியில் நிற்பவர்களுக்கு எதுவும் கிடையாது.

ஒன்பது இன்னிங்ஸ் இருக்க, ஏன் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்? பேட்டிங் வரிசையை மேனேஜர் தன் விருப்பப்படி நிறுத்த முடிவது அந்த ஒரு இன்னிங்ஸில்தான். இரண்டாவது இன்னிங்ஸை யார் தொடங்குவார் என்பது முதலாவது எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. ஆனால் முதல் இன்னிங்ஸில் முதல் மூன்று பேர் வந்தே தீருவார்கள். அவர்கள் எதிர்கொள்ளப் போவது எந்தப் பிட்சரை என்பதும் ஆட்டத்துக்கு முன்பே தெரியும். யாருக்கு எதிரே யார் என்று பெயரோடு சொல்ல முடிகிற ஒரே இன்னிங்ஸ் அது.

அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்த மேனேஜரும் தன் சிறந்த ஆட்களைத்தான் முன்னால் நிறுத்துவார். அதனால் பிட்சர் புதிதாக, முழு பலத்தோடு வந்தும், சராசரியில் அதிக ரன் விழும் இன்னிங்ஸ் முதலாவதுதான். வரிசையின் கடைசிக் கட்டத்து ஆட்கள் அதிகம் வருகிற இரண்டாவதில் ரன் குறைந்துவிடும். மொத்தத்தில் ஒரு அணி முதல் இன்னிங்ஸில் ரன் எடுக்காமல் போகும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். இரண்டு அணியும் எடுக்காமல் போக வேண்டும் என்றால் 70-ஐ 70-ஆல் பெருக்க வேண்டும். வருவது 49. அதாவது பெயர் தெரியாத இரண்டு அணிகள் மோதினால் நர்ஃபி கிட்டத்தட்ட பூவா தலையாதான்.

பெயர் தெரிந்தால் எவ்வளவு மாறும்? பேஸ்பாலின் சாம்பியன் தொடரான வேர்ல்டு சீரிஸில், 2019-ன் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 22, ஹூஸ்டன் நகரம். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு கெரிட் கோல் வீசுகிறார். வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு மேக்ஸ் ஷெர்ஸர். அந்த ஆண்டின் மிகச் சிறந்த பிட்சர்களில் இருவர். கோல் அந்தப் பருவத்தில் 326 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தவர். மே மாதக் கடைசியிலிருந்து ஒரு தோல்வியும் அவர் கணக்கில் ஏறவில்லை. ரன் விழாது என்று பந்தயம் கட்ட இதைவிடத் தோதான ஆட்டம் அமையுமா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கணக்குக்கு முதலில் வேண்டியது, ஒரு பேட்டர் எத்தனை சதவீதம் பேஸ் ஏறுகிறார் என்ற எண். அடித்து ஏறினாலும் வாக் வாங்கி ஏறினாலும் ஒன்றுதான். 2019-ல் லீக்கின் சராசரி 32.3 சதவீதம். ஹூஸ்டனின் முதல் நான்கு பேரைப் பாருங்கள்: ஸ்பிரிங்கர் 38.3, அல்டூவே 35.3, பிராண்ட்லி 37.2, பிரெக்மன் 42.3. எல்லோரும் சராசரிக்கு மேலே. பிட்சருக்கும் இதே எண்ணை எதிர்ப்பக்கமிருந்து எடுக்கலாம். ஷெர்ஸரிடம் அந்தப் பருவத்தில் பேஸ் ஏறியவர்கள் சுமார் 26 சதவீதம். கோலிடம் 24-க்கும் கீழே.

நல்ல பேட்டரும் நல்ல பிட்சரும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு, பேஸ்பால் புள்ளிவிவர உலகின் பிதாமகரான பில் ஜேம்ஸ் 1980-களின் தொடக்கத்தில் ஒரு வழி காட்டினார். அதை எளிமையாக்கிச் சொல்கிறேன். சராசரிப் பிட்சர் நூறு பேரை அவுட் ஆக்குவதற்குள் சுமார் 48 பேர் பேஸ் ஏறிவிடுவார்கள். ஷெர்ஸரிடம் அதே நூறு அவுட்டுக்குள் ஏறுகிறவர்கள் சுமார் 36 பேர்தான். ஆக ஷெர்ஸர் எந்த பேட்டரின் கணக்கையும் முக்கால் பங்காக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்கர் வழக்கமாக நூறு முறை அவுட் ஆவதற்குள் 62 முறை ஏறுவார். அதில் முக்கால் பங்கு 46 சொச்சம். அதைத் திரும்பச் சதவீதமாக்கினால் 32-க்குச் சற்றுக் குறைவு. நான்கு பேருக்கும் இப்படிப் போட்டுச் சராசரி எடுத்தால் 31.7 வருகிறது.

இந்த எண்ணில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். லீக் சராசரி 32.3. ஷெர்ஸர் மாதிரி ஒருவர் வந்தும், ஹூஸ்டனின் முன்வரிசை அவரிடம் ஒரு சாதாரண அணி சாதாரணப் பிட்சரிடம் ஆடுவதைப் போலத்தான் ஆடும் என்கிறது கணக்கு. பிட்சரின் திறமையை முன்வரிசையின் திறமை தின்றுவிட்டது. நர்ஃபி கட்டுகிறவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடம் இதுதான். பிட்சரின் பெயரைப் பார்ப்பார்கள். அவர் பருவம் முழுக்கச் சேர்த்த நல்ல எண்களில் எட்டாவது, ஒன்பதாவது பேட்டர்களிடம் சம்பாதித்ததும் அடக்கம் என்பதையும், முதல் இன்னிங்ஸில் அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கப் போவதில்லை என்பதையும் மறந்துவிடுவார்கள்.

எதிர்ப்பக்கம் வாஷிங்டனின் டர்னர், ஈட்டன், ரெண்டன், சோட்டோ. இவர்களுக்கும் கோலுக்கும் அதே கணக்கைப் போட்டால் சராசரி 28.7 வருகிறது.

பேஸ் ஏறுவது ரன் ஆகிவிடாது. அது அடுத்த படி. ஒரு அணி மூன்று அவுட் ஆவதற்குள் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹூஸ்டனின் 31.7-ஐ வைத்துப் பார்த்தால், ஒருவருமே ஏறாமல் போக 32 சதவீதம், ஒருவர் மட்டும் ஏற 30, இருவர் ஏற 19, மூன்று பேரோ அதற்கு மேலோ ஏற மீதி 19.

ஒருவருமே ஏறாவிட்டால் ரன் கிடையாது. ஒருவர் மட்டும் ஏறினால் பெரும்பாலும் அவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அவர் ஏறியதே ஹோம் ரனாக இருந்தால் தவிர. 2019-ல் பேஸ் ஏறியவர்களில் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர் ஹோம் ரன் அடித்து ஏறினார். இரண்டு பேஸ் அடி, பேஸ் திருட்டு, பறக்கும் பந்து என்று வேறு வழிகளையும் கொஞ்சம் சேர்த்து, ஒருவர் மட்டும் ஏறும்போது ரன் விழ 14 சதவீதம் என்று வைக்கிறேன். இருவர் ஏறினால் 40, மூவருக்கு மேல் என்றால் 85. இந்த மூன்றும் என் தோராயம். வேறொருவர் சற்று வேறாக வைப்பார். ஆனால் திசையில் குழப்பம் இல்லை: மூன்று பேஸ்தான் இருக்கிறது, ஆகவே நாலாவது ஆள் ஏறினால், நடுவில் யாரும் பேஸில் அவுட் ஆகாத வரை, முதல் ஆள் வீட்டுக்குத் தள்ளப்பட்டே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஹூஸ்டன் ரன் எடுக்கும் வாய்ப்பு 28 சதவீதம். எடுக்காமல் போக 72. அதே முறையில் வாஷிங்டன் எடுக்காமல் போக 76. இரண்டையும் பெருக்கினால் 55.

நாட்டின் மிகச் சிறந்த இரண்டு பிட்சர்கள், பருவத்தின் மிகப் பெரிய மேடை. பெயர் தெரியாத ஆட்டத்தில் 49-ஆக இருந்தது 55-ஆகியிருக்கிறது. அவ்வளவுதான்.

அன்று என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம். முதலில் வாஷிங்டன். டர்னர் வந்ததும் ஒரு சிங்கிள் அடித்து ஏறினார். பிறகு இரண்டாவது பேஸையும் திருடினார். கோல் அடுத்து வந்தவர்களை மடக்கினார், ரன் இல்லை. பந்தயத்தில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிக்கு வாய்ப்பு 72. ஆனால் ஷெர்ஸர் முதல் ஆளான ஸ்பிரிங்கருக்கே வாக் கொடுத்தார். அடுத்து அல்டூவே சிங்கிள். அவுட் ஒன்றும் இல்லாமல் இரண்டு பேர் பேஸில் நின்றால், பொதுவாக ரன் விழும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல். அங்கிருந்து ஷெர்ஸர் பிராண்ட்லியை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அந்த ஆண்டில் லீக்கின் தலைசிறந்த பேட்டர்களில் ஒருவரான பிரெக்மனையும் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். இரண்டு அவுட் ஆனதும் ரன் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஐந்தாவதாக வந்தவர் குரியல். இடப்பக்க வேலியில் மோதும் ஒரு டபிள். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். நர்ஃபி முடிந்தது. ஆட்டத்தைக் கடைசியில் வாஷிங்டன்தான் 5–4 என்று வென்றது. அது வேறு கதை.

தோற்றதால் கணக்கு தப்பு என்று ஆகாது. 55 என்று சொன்னதிலேயே 45 இருக்கிறது. ஆனால் பணம் வைக்கிறவர் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 55 சதவீத வாய்ப்புக்குக் கடைக்காரர் என்ன விலை சொல்கிறார்?

அமெரிக்கப் பந்தய விலைகள் நமக்குக் கொஞ்சம் விநோதமாக இருக்கும். −130 என்று போட்டிருந்தால், 130 டாலர் கட்டி ஜெயித்தால் 100 டாலர் லாபம் என்று பொருள். நஷ்டமில்லாமல் தப்பிக்கவே 230-ல் 130 பங்கு, அதாவது 56.5 சதவீதம் ஜெயிக்க வேண்டும். +105 என்றால் 100 கட்டினால் லாபம் 105; அதற்குத் தேவை 48.8. பெரிய பிட்சர்கள் மோதும் ஒரு ஆட்டத்துக்கு நிறுவனம் நர்ஃபிக்கு −130, யர்ஃபிக்கு +105 என்று விலை வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேவைகளையும் கூட்டினால் 105-க்கு மேல் வருகிறது. நூறைத் தாண்டிய அந்த ஐந்து சொச்சம்தான் நிறுவனத்தின் கூலி. நம் மதிப்பீடு 55 என்றால் நர்ஃபி கட்டினாலும் நஷ்டம். எதிர்ப்பக்கத்துக்கு 45 என்பதால் யர்ஃபி கட்டினாலும் நஷ்டம். சரியாகக் கணக்குப் போட்டவருக்குக் கிடைக்கும் பதில் பல நாள் ‘கட்டாதே’ என்பதாகத்தான் இருக்கும். எல்லா ஆட்டத்துக்கும் பரிந்துரை சொல்கிறவரிடம் எனக்கு இதனாலேயே நம்பிக்கை வருவதில்லை.

சரி, விலை −115 என்று வைப்போம். தேவை 53.5. நம்மிடம் 55 இருக்கிறது. நூறு டாலருக்கு மூன்று டாலருக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். ஆனால் அந்த 55 எவ்வளவு உறுதியானது? இரண்டு பக்கமும் பேஸ் ஏறும் விகிதத்தை ஒரே ஒரு சதவீதம் கூட்டிப் பாருங்கள். ஹூஸ்டனுக்கு 31.7 அல்ல, 32.7, வாஷிங்டனுக்கு 28.7 அல்ல, 29.7. விடை 53 ஆகிவிடுகிறது. லாபம் போய் நஷ்டம் வந்துவிட்டது. ஒரு பேட்டரின் உண்மையான திறமையை ஒரு சதவீதத் துல்லியத்தில் சொல்வதற்கு ஒரு முழுப் பருவத்தின் புள்ளிவிவரம்கூடப் போதாது.

அந்த ஒரு சதவீதத்தை நகர்த்தக்கூடியவை நிறைய. கொலராடோவின் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து அதிக தூரம் பறக்கும்; அங்கே எந்த ஆட்டத்துக்கும் கணக்கைத் திருத்தியாக வேண்டும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் ஏரிப் பக்கமிருந்து காற்று உள்ளே அடிக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்று பார்க்காமல் விலை வைக்கும் கடைக்காரர் இருக்க மாட்டார். எல்லாவற்றையும்விட முக்கியம் பேட்டிங் வரிசைப் பட்டியல். அது ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் வெளியாகும். இரண்டாவது இடத்து நட்சத்திரத்துக்கு அன்று ஓய்வு கொடுத்துவிட்டால் காலையில் போட்ட கணக்கு செல்லாது. இடக்கைப் பிட்சருக்கு எதிராக வலக்கை பேட்டர்களை முன்னால் தள்ளியிருந்தால் பருவச் சராசரியை விட்டுவிட்டு, இடக்கைப் பிட்சர்களிடம் அவர்கள் ஆடிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

அணிகளும் இந்தக் கணக்கைப் போடுகின்றன. 2018 மே 19 அன்று டாம்பா பே ரேஸ் அணி, வழக்கமாகக் கடைசி இன்னிங்ஸ்களில் வரும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸ் வீச வைத்தது. எதிரணியான ஏஞ்சல்ஸின் முன்வரிசையில் வலக்கை பேட்டர்கள் வரிசையாக இருந்தார்கள். ரோமோ வலக்கையர்களை மடக்குவதில் கெட்டிக்காரர். வந்தார், மைக் டிரௌட் உட்பட மூன்று பேரையும் ஸ்ட்ரைக்அவுட் செய்தார், போய்விட்டார். நீண்ட நேரம் வீச வேண்டியவர் அதன் பிறகுதான் வந்தார். ‘ஓப்பனர்’ என்ற வழக்கம் அங்கிருந்து பரவியது. பந்தயக்காரருக்கு இது ஒரு எச்சரிக்கை: தொடக்கப் பிட்சர் என்று பட்டியலில் இருப்பவர் ஒரே ஒரு இன்னிங்ஸுக்காக வருகிறவராக இருந்தால், பார்க்க வேண்டியது அவருடைய எண்களை, பின்னால் வரப்போகிறவரின் எண்களை அல்ல.

இனி, எனக்கு எரிச்சல் தரும் ஒரு விஷயம். நர்ஃபி பேச்சுகளில் ‘இந்தப் பிட்சரின் கடைசிப் பதினைந்து ஆட்டத்தில் பன்னிரண்டு முறை முதல் இன்னிங்ஸில் ரன் இல்லை’ என்ற மாதிரிப் பட்டியல்கள் அடிக்கடி வரும். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். முதல் குறை, அந்தக் கணக்கில் அவருடைய சொந்த அணியின் பேட்டிங்கும் கலந்திருக்கிறது. அவர் அணி ரன் எடுக்காமல் சொதப்பியதும் அவர் பெருமையாகப் பதிவாகிவிடுகிறது. அவர் வீசிய பாதியை மட்டும் பிரித்து எடுத்தாலும் இரண்டாவது குறை நிற்கும். ஒரு பிட்சர் ஒரு பருவத்தில் சுமார் 32 ஆட்டம் தொடங்குவார். கிடைப்பது 32 முதல் இன்னிங்ஸ். உண்மையில் 72 சதவீதத் திறமை உள்ளவர் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஒரு பருவத்தில் 56 சதவீதம் என்றோ 88 சதவீதம் என்றோ தெரிய முடியும். ஸ்ட்ரைக்அவுட் விகிதமும் வாக் விகிதமும் இதைவிட நம்பகமான சாட்சிகள், ஏனென்றால் அவை நூற்றுக்கணக்கான பேட்டர்களிடமிருந்து சேர்ந்தவை. அதிலும் நர்ஃபிக்கு ஸ்ட்ரைக்அவுட் கூடுதல் நல்லது: பந்தே மைதானத்துக்குள் போகாததால் பேஸில் நிற்பவர் ஓட வழியில்லை.

கடைசியாக, தன் கணக்கு உண்மையிலேயே கடைக்காரர் கணக்கைவிடக் கூர்மையானதா என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? ஜெயித்தது எத்தனை, தோற்றது எத்தனை என்று எண்ணுவது முதலில் தோன்றும் வழி. 55 சதவீதம் ஜெயிக்கும் திறமையையும் 53 சதவீதத் திறமையையும், அதாவது மேலே சொன்ன லாபத்தையும் நஷ்டத்தையும், ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய ஏறக்குறைய 2,500 பந்தயங்களின் முடிவு வேண்டும். மேஜர் லீக் பேஸ்பாலின் முழுப் பருவத்தில் நடக்கும் ஆட்டங்கள் 2,430. மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஓர் ஆட்டம் விடாமல் கட்டியிருந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. அதற்குள் பிட்சர்கள் அணி மாறியிருப்பார்கள், காயப்பட்டிருப்பார்கள்.

இதைவிடச் சீக்கிரம் பதில் சொல்லும் வழி ஒன்று உண்டு. கட்டிய நேரத்து விலையையும், ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய கடைசி விலையையும் குறித்து வைப்பது. காலையில் −115-க்கு வாங்கியது மாலையில் −130 ஆகியிருந்தால், வரிசைப் பட்டியலும் காற்றும் எல்லோருக்கும் தெரிந்த பிறகு சந்தை நம் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். நூறு இருநூறு பந்தயங்களில் பெரும்பாலும் இப்படியே நடந்தால் கணக்கில் ஏதோ சரக்கு இருக்கிறது. விலை எதிர்ப்பக்கமே போய்க்கொண்டிருந்தால், கையில் லாபம் நின்றாலும் அது குரியலின் பந்து வேலியில் படாத நாட்கள் கொடுத்த லாபம்தான்.